விட்டு வருவதா, கலைத்துவிட்டு வருவதா?

சென்ற இதழில் ஊறுகாய் ஜாடி கழுவுவது பற்றி எழுதியதற்கு நிறையப் பேர் பதில் போட்டிருந்தீர்கள். இந்தத் தடவை ஜாடியும் இல்லை, அடுப்பும் இல்லை. நம் எல்லோர் கையிலும் இருக்கிற செல்போனில் நான் செய்த ஒரு தவறைப் பற்றிச் சொல்லப்போகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என்னால் இன்னொரு பெண்ணுக்கு நஷ்டம் வந்துவிட்டது என்பதால் சொல்லாமல் இருக்கக் கூடாது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடித்து, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுத்தேன். போன் மணி அடித்தது. எங்கள் ஹவுசிங் போர்டு பக்கத்தில் இருக்கிற ஒரு பெண். இரண்டாவது படிக்கிற பிள்ளையின் அம்மா.

"அக்கா, வேன் குரூப்புல நீங்க போட்டுருந்தீகளே, மகளிர் கடன்னு... அதுக்கு ஆயிரத்தி ஐநூறு கட்டுனேன். இன்னும் ஒண்ணும் வரலையே?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நான் எங்கம்மா போட்டேன்? நான் அந்தக் குரூப்புலயே இல்லையே!" என்றேன்.

"உங்க குரூப்புதானக்கா அது? நீங்கதானே ஆரம்பிச்சீக?"

அந்தக் கேள்வியில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. ஆரம்பித்தது நான்தான். விட்டு வந்ததும் நான்தான். ஆனால் கலைக்கவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். 2022 ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது, வில்லாபுரத்திலிருந்து பிள்ளைகளை ஏற்றிப்போகிற வேனுக்காக ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினேன். பத்தொன்பது பிள்ளைகள். அம்மாக்களும், பிள்ளையை ஏற்றிவிட வருகிற இரண்டு பாட்டிமார்களும், வேன் டிரைவரும் சேர்ந்து இருபத்திமூன்று பேர். வேன் அவனியாபுரம் திருப்பத்தில் நிற்கிறதா, கிளம்பிவிட்டதா, இன்றைக்கு எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், யார் வாடகை தரவில்லை, இதுதான் பேச்சு. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நம்பர் வாங்கிச் சேர்க்க எனக்கு நேரமில்லை. அதனால் குரூப்பில் சேருவதற்கான லிங்க்கை எடுத்து, ஒரு தாளில் அச்சடித்து வேனின் பின்பக்கக் கண்ணாடியில் ஒட்டச் சொன்னேன். மளிகைக் கடையிலும் ஒரு தாள் ஒட்டினார்கள். அப்போது அது ரொம்பச் சௌகரியமாக இருந்தது.

என் சின்னவன் போன வருடம் பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாறி, சைக்கிளில் போக ஆரம்பித்துவிட்டான். வேன் வேண்டாம். குரூப்பில் சத்தம் மட்டும் ஓயவில்லை. இந்த வருடம் பள்ளி திறந்த பிறகு ஒரு நாள் ராத்திரி, "போதும்டா சாமி" என்று "Exit group" என்பதை அழுத்தினேன். அதற்குப் பிறகு "Delete group" என்று ஒன்று வந்தது. அதையும் அழுத்தினேன். என் போனில் குரூப் மறைந்துவிட்டது. குரூப்பே அழிந்துவிட்டது என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன்.

என்ன நடந்தது தெரியுமா? கதவைப் பூட்டிவிட்டு வந்ததாக நான் நினைத்தேன். உண்மையில் கதவைத் திறந்து போட்டுவிட்டு, சாவியைக் கூட்டத்துக்குள் எறிந்துவிட்டு வந்திருக்கிறேன்.

வாட்ஸ்அப்பில் குரூப் தொடங்குகிறவர்தான் முதல் அட்மின், அதாவது நிர்வாகி. ஒரே ஒரு அட்மின் இருந்து அவரும் வெளியேறினால், குரூப் அழியாது. மிச்சம் இருக்கிற உறுப்பினர்களில் யாராவது ஒருவரை அது தானாகவே அட்மின் ஆக்கிவிடும். அவருக்குப் போனைப் பற்றித் தெரியுமா, தெரியாதா என்றெல்லாம் பார்க்காது. குலுக்கல் சீட்டு மாதிரிதான். நான் அழுத்திய "Delete group" என் போனிலிருந்து மட்டும் அந்தக் குரூப்பை எடுத்தது. மற்ற இருபத்திரண்டு பேருக்கும் குரூப் அப்படியே நடந்துகொண்டிருந்தது.

இன்னொன்றும் உண்டு. 2022-லிருந்து, ஒருவர் குரூப்பை விட்டுப் போனால் எல்லோருக்கும் அறிவிப்பு வராது, அட்மின்களுக்கு மட்டும்தான் வரும். பழைய உறுப்பினர்கள் யார் என்று தேடிப் பார்த்தால் அறுபது நாள் வரை தெரியும். யார் தேடிப் பார்க்கிறார்கள்? ஆக நான் போனது ஒருத்திக்கும் தெரியவில்லை. குரூப்பின் பெயர் நான் வைத்தது, மேலே இருக்கிற படம் நான் போட்டது. அதில் வருகிறதெல்லாம் "அக்கா சொன்னது" என்றே நினைத்திருக்கிறார்கள்.

அந்தப் பெண்ணை வீட்டுக்கு வரச் சொல்லி, அவள் போனை வாங்கிப் பார்த்தேன். குரூப்பின் பெயரைத் தொட்டால் உறுப்பினர் பட்டியல் வரும். அதில் யார் பெயருக்குப் பக்கத்தில் "Group admin" என்று இருக்கிறதோ, அவர்தான் இப்போதைய நிர்வாகி. யார் என்று பார்த்தால், எதிர்த் தெருப் பாட்டி! பேரனை வேனில் ஏற்றிவிட வருகிறவர். குரலில் பேசி அனுப்பினால் கேட்பார், திரும்பப் பேசுவார். மற்றபடி ஒரு பொத்தானும் தெரியாது. தான் அட்மின் ஆனதே அவருக்குத் தெரியவில்லை.

பட்டியலில் இன்னொரு புது நம்பரும் இருந்தது. ஊர் தெரியாத நம்பர், படத்தில் ஏதோ ஒரு கம்பெனி முத்திரை. கடையில் ஒட்டியிருந்த லிங்க் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். நான் வெளியேறினாலும் அந்த லிங்க் செத்துப்போகவில்லை. கேட்பாரும் இல்லை. அவன் வந்து, பெண்களுக்குக் கடன், முன்பணம் ஆயிரத்து ஐநூறு என்று போட்டிருக்கிறான்.

இதில் ஒரே ஆறுதல், அப்படி லிங்க் வழியாகச் சேர்ந்தவனுக்கு அவன் வருவதற்கு முன்னால் போட்ட பேச்சும் படங்களும் தெரியாது. ஆனால் எல்லோருடைய போன் நம்பரும் தெரியும். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் தெரியும். "இன்னிக்கு நான் ஊருக்குப் போறேன், பாப்பாவை அவுக தாத்தா வாங்கிக்குவாரு" என்று ஒரு அம்மா போட்டிருந்தார். அதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

முதலில் பணம் கட்டிய பெண்ணை 1930 என்ற எண்ணுக்குப் பேச வைத்தேன். இணைய மோசடியில் பணம் போனால் நாடு முழுவதற்கும் புகார் எண் அதுதான். பணம் போனதும் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. பணத்தை வேறு கணக்குக்கு மாற்றுவதற்குள் நிறுத்திவைக்க வழி உண்டு. இவள் ஆறு நாள் கழித்துத்தான் சொன்னாள். வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் திட்டுவாரே என்ற பயம். புகார் பதிவாகியிருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை.

பிறகு பாட்டி வீட்டுக்குப் போனேன். "ஏத்தா, எனக்கு என்னத்தா தெரியும், நீயே பாரு" என்று போனைக் கையில் கொடுத்துவிட்டார். என்னைத் திரும்பச் சேர்த்தால் நான் பார்த்துக்கொள்ளலாமே என்று தோன்றியது. சேர்த்தோம். ஆனால் நான் சாதாரண உறுப்பினராகத்தான் உள்ளே வந்தேன். குரூப்பைத் தொடங்கியவரை மற்ற அட்மின் யாரும் வெளியே தள்ள முடியாது, அட்மின் பதவியையும் பிடுங்க முடியாது. அப்படி ஒரு சலுகை உண்டு. ஆனால் நாமே வெளியேறிவிட்டால் அந்தப் பதவி போய்விடும். திரும்ப வந்தால் யாராவது அட்மின் ஆக்கினால்தான் உண்டு. பாட்டியின் போனில் என் பெயரைத் தொட்டு "Make group admin" என்பதை அழுத்திய பிறகுதான் எனக்குப் பழைய உரிமை வந்தது. நான் இல்லாத நாட்களில் வந்த செய்திகள் எதுவும் என் போனுக்கு வரவில்லை. அவற்றைப் பாட்டியின் போனில்தான் பார்த்தேன்.

அப்புறம் முறையாகக் கலைத்தோம். அதை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை மாறினால் பலன் குறையும்.

முதல் வேலை, வெளி ஆளை நீக்குவது. உறுப்பினர் பட்டியலில் அவன் நம்பரைத் தொட்டு "Remove" கொடுத்தோம். அதற்கு முன் அவன் போட்ட செய்தியைப் படம் பிடித்து வைத்துக்கொண்டோம், புகாருக்கு வேண்டுமே! அந்தக் கையோடு லிங்க் இருக்கும் பக்கத்துக்குப் போய் "Reset link" கொடுத்தோம். இதைச் செய்தால் பழைய லிங்க் செல்லாது. வேனில் ஒட்டிய தாள் அன்றோடு வெறும் தாள்.

இரண்டாவது, வாயை மூடுவது. குரூப் விவரப் பக்கத்தில் "Group permissions" என்று இருக்கும். அதில் உறுப்பினர்கள் செய்தி அனுப்பலாம் என்பதை நிறுத்தினால், அட்மின் மட்டும்தான் எழுத முடியும். மற்றவர்கள் படிக்கலாம். அதன் பிறகு நான் ஒரு செய்தி போட்டேன். "இந்தக் குரூப்பை ஞாயிற்றுக்கிழமை கலைக்கிறோம். கடன் செய்தி நான் போட்டதில்லை, யாரும் பணம் கட்டாதீர்கள். வாடகைக் கணக்கு வேண்டுகிறவர்கள் அதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று. பாட்டிமார்களுக்காக அதையே குரலிலும் பேசிப் போட்டேன்.

மூன்றாவது, வேண்டியதை எடுத்து வைப்பது. எங்களுக்கு வாடகைக் கணக்கு அந்தப் பேச்சில்தான் இருந்தது. குரூப்பின் மேல் ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டு, "More" என்பதற்குள் போனால் "Export chat" இருக்கும். படங்கள் இல்லாமல் எழுத்தை மட்டும் எடுக்கலாம். நான் உள்ளே இல்லாத நாட்களும் வர வேண்டுமே என்று, இதைப் பாட்டியின் போனிலிருந்தே எடுத்து, டிரைவருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். இதைச் செய்யாமல் கலைத்து, தன் போனிலும் அழித்துவிட்டால், பிறகு "ஆகஸ்டு மாசம் நான் குடுத்துட்டேனே" என்று ஒருவர் சொல்ல, "குடுக்கல" என்று ஒருவர் சொல்ல, சண்டைதான் மிஞ்சும்.

நான்காவது, அழிக்க வேண்டியதை அழிப்பது. இங்கேதான் கை கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. அட்மின் என்ற முறையில் யார் போட்ட செய்தியையும் எல்லோர் போனிலிருந்தும் அழிக்கலாம். ஆனால் போட்டு இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரைக்கும்தான். அழித்தால் அந்த இடத்தில், இன்ன அட்மின் அழித்தார் என்று ஒரு வரி நிற்கும். கடன் செய்தி போட்டு ஒரு வாரம் ஆகிவிட்டது. பிள்ளைகளின் அடையாள அட்டைப் படங்கள் 2023-ல் போட்டவை. ஒன்றையும் தொட முடியவில்லை.

ஐந்தாவது, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொருவராக நீக்கினோம். மொத்தமாக ஒரே அழுத்தில் முடியவில்லை. ஒரு பெயரைத் தொட்டு "Remove", அடுத்த பெயர், அடுத்த பெயர். இருபது நிமிஷம் கூட ஆகவில்லை. கடைசியில் பாட்டியையும் நீக்கிவிட்டு, நான் ஒருத்தி மட்டும் மிஞ்சினேன். அப்போதுதான் "Exit group", அதற்கப்புறம் "Delete group". இப்போது சாவி யார் கைக்கும் போக வழியில்லை. உள்ளே ஆளே இல்லையே!

கவனியுங்கள், நான் அழுத்தின கடைசி இரண்டு பொத்தானும் அன்றைக்கு ராத்திரி அழுத்தின அதே இரண்டுதான். முன்னால் செய்ய வேண்டியதைச் செய்தேனா இல்லையா என்பதில்தான் வித்தியாசம்.

சரி, நீக்கப்பட்டவர்களுக்கு என்ன மிஞ்சும்? இதைத்தான் நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அடுத்த வீட்டுப் பெண்ணின் போனை வாங்கிப் பார்த்தேன். குரூப் அப்படியே பட்டியலில் நிற்கிறது. நான் நீக்கியதாக ஒரு வரி இருக்கிறது. கீழே எழுதுகிற இடத்தில், நீங்கள் இதில் உறுப்பினர் இல்லை, செய்தி அனுப்ப முடியாது என்று இருக்கிறது. அவ்வளவுதான். மேலே தள்ளிப் பார்த்தால் மூன்று வருஷப் பேச்சும், இறக்கிக்கொண்ட படங்களும், குரல்களும், யார் யார் நம்பரிலிருந்து பேசினார்களோ அந்த நம்பர்களும் அப்படியே இருக்கின்றன. அவளாக அழிக்கிற வரைக்கும் இருக்கும்.

நாம் முறுக்குப் பக்குவத்தை எழுதிப் பத்துப் பேருக்குப் பிரதி கொடுக்கிறோம். பிறகு நம் நோட்டுப் புத்தகத்தைக் கிழித்துப் போட்டால், அவர்கள் வீட்டில் இருக்கிற தாள் மறையுமா? அது போலத்தான். வாட்ஸ்அப் செய்தி ஒவ்வொருவர் போனிலும் ஒரு பிரதியாகத் தங்குகிறது. குரூப்பைக் கலைத்தால் இனிமேல் பேச்சு நடக்காது, புது ஆள் வர முடியாது. போனது போனதுதான், திரும்பி வராது.

வேறு செயலிகளில் இது வேறு மாதிரி. டெலிகிராமில் குரூப்பின் சொந்தக்காரர் எல்லோருக்குமாக அழித்தால், உறுப்பினர்கள் பட்டியலிலிருந்தும் அது போய்விடும். இரண்டையும் வைத்திருக்கிறவர்கள் ஒன்றை நினைத்துக்கொண்டு மற்றொன்றில் அழுத்திவிடாதீர்கள். அதிலும்கூட யாராவது முன்பே எடுத்து வைத்த படத்தை யாரும் பிடுங்க முடியாது.

அதனால் பிள்ளைகள் படத்துக்கு நான் செய்தது ஒன்றுதான். ஒவ்வொரு அம்மாவையும் வேன் நிற்கிற இடத்தில் பார்த்து, "குரூப்பைத் திறந்து அடையாள அட்டைப் படத்தை அழிச்சிரும்மா, போட்டோ வைக்கிற இடத்திலயும் பாத்து அழிச்சிரு" என்று சொன்னேன். சிலர் அங்கேயே அழித்தார்கள். சிலர் "சரிக்கா" என்றார்கள். அதற்கு மேல் நம் கையில் இல்லை. பிள்ளையின் பெயர், வகுப்பு, வீட்டு முகவரி எல்லாம் தெரிகிற அட்டையைக் குரூப்பில் போடாமல் இருப்பதுதான் ஒரே வழி.

இன்னொரு பயமும் நம் பெண்களிடம் உண்டு. "குரூப்புல யாரோ தப்பா போட்டா அட்மினைப் போலீஸ் புடிச்சிருமாமே" என்று சொல்லி ராத்திரியோடு ராத்திரியாக வெளியேறுகிறார்கள். நம் மதுரை ஐகோர்ட் கிளையே இதைப் பற்றி 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. கரூர் வக்கீல்களுக்கான ஒரு குரூப்பில் ஒருவர் போட்ட மோசமான செய்திக்காக, குரூப் அட்மினாக இருந்த வக்கீலின் பெயரையும் வழக்கில் சேர்த்திருந்தார்கள். அவர் அட்மின் வேலை மட்டும்தான் பார்த்தார் என்றால், குற்றப் பத்திரிகையில் அவர் பெயரை நீக்கிவிட வேண்டும் என்று கோர்ட் சொன்னது. வேறு ஆதாரம் கிடைத்து அவருக்கும் அதில் பங்கு இருந்தால் அது வேறு. அதே 2021-ல் பம்பாய் ஐகோர்ட்டின் நாக்பூர் கிளையும், 2022-ல் கேரள ஐகோர்ட்டும் இதே போலத்தான் சொல்லின. ஆக, மற்றவர் போட்டதற்கு அட்மின் என்பதற்காக மட்டும் குற்றவாளி ஆகிவிட மாட்டோம். அப்படியே பயந்து வெளியேறினாலும், இன்னார் இந்தக் குரூப்பைத் தொடங்கினார் என்ற வரி முதலிலிருந்து இருந்தவர்கள் போனில் நிற்கத்தான் செய்யும். ஓடினால் பெயர் போகாது, கையில் இருந்த பிடிதான் போகும்.

எல்லாக் குரூப்பையும் கலைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. எங்கள் வேன் இப்போதும் ஓடுகிறது, அந்த அம்மாக்களுக்குக் குரூப் வேண்டியிருந்தது. வெளி ஆள் நுழையாமல் இருந்திருந்தால், பொறுப்பான ஒரு அம்மாவிடம் கேட்டு, அவரை அட்மின் ஆக்கி, எல்லோருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நான் வெளியேறியிருந்தாலே போதும். ஒருவருக்கு இருவரை அட்மின் ஆக்கினால் இன்னும் நல்லது. ஒருவர் போன் தொலைந்தாலும் மற்றவர் இருப்பார். இனிமேல் அந்தக் குரூப் வேண்டாம், அல்லது அதன் பெயரை யாரோ கெடுத்துவிட்டார்கள் என்றால் மட்டும் கலைப்பது.

இப்போது அந்த அம்மாக்கள் புதுக் குரூப் தொடங்கிவிட்டார்கள். இரண்டு அட்மின். தாள் ஒட்டவில்லை. புதிதாக யார் வந்தாலும் அட்மின் சம்மதித்தால்தான் உள்ளே வர முடியும் என்று வைத்திருக்கிறார்கள். நான் அதில் இல்லை. பாட்டி மட்டும் என்னைப் பார்த்தால், "என்னத்தா, என்னைய பதவியிலருந்து எறக்கிட்டியே" என்று சிரிக்கிறார்.

ஆயிரத்து ஐநூறு கட்டிய பெண் சிரிக்கவில்லை. பாதிப் பணத்தை நான் தருகிறேன் என்று போனேன். "வேணாம்க்கா, நீங்களா எடுத்தீக?" என்று மறுத்துவிட்டாள். ஆனால் அவள் வீட்டுக்காரரிடம் நானே போய், "அது என் கவனக்குறைவு, அவளைத் திட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "காப்பி குடிக்கிறீகளா?" என்று கேட்டார்.

நீங்கள் எப்போதோ தொடங்கிவிட்டு மறந்துபோன குரூப் இருந்தால், இன்றைக்குச் சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் ஒரு தடவை திறந்து, அட்மின் யார் என்று பாருங்கள்.